தூண்டி, தடுப்பி: ஏற்பி அட்டவணைக்கு எந்தச் சொல்?

காயத்ரி, செராஸ்:

அனைவருக்கும் வணக்கம். தன்னியக்க நரம்பு மண்டலத்து மருந்துக் குறிப்புகளை ஒரே அட்டவணையாகத் தமிழில் கட்டிக்கொண்டிருக்கிறேன். தேர்வு ஆங்கிலத்தில்தான். ஆனால் எங்கள் படிப்புக் குழுவில் எல்லோரும் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். தமிழில் பேசிப் படித்தால்தான் மண்டையில் நிற்கிறது. வரிசைக்கு ஓர் ஏற்பி. அது உடம்பில் எங்கே இருக்கிறது, அதைத் தட்டியெழுப்பினால் அங்கே என்ன ஆகும், எழுப்பும் மருந்து எது, அடைக்கும் மருந்து எது என்று கட்டங்கள்.

ரிசெப்டருக்கு ஏற்பி என்பதில் தகராறு இல்லை. அகோனிஸ்ட், அன்டகோனிஸ்ட் இரண்டுக்கும்தான் சொல் தேவை. தூண்டி, தடுப்பி என்று போட்டிருந்தேன். இதய வரிசையில் இடித்தது. அங்கே உள்ள எம்2 ஏற்பியை அசிட்டைல்கோலின் தூண்டுகிறது, துடிப்போ குறைகிறது. 'எம்2 தூண்டி' என்று படித்த தோழி, துடிப்பு கூடும் என்று எழுதிவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது, சொல்லே அப்படித்தான் காதில் விழுகிறது. வேறு சொல் உண்டா?

தனபாலன், ஜார்ஜ்டவுன்:

தங்கை காயத்ரிக்கு, நல்ல முயற்சி. இதில் என்ன சிக்கல்? வேலையைக் கூட்டுவதை ஊக்கி என்போம், குறைப்பதை ஒடுக்கி என்போம். இதயத்தை மெதுவாக்குவது இதய ஒடுக்கி. தீர்ந்தது. 'இயக்கி' என்றும் சொல்லலாம், ஆனால் அதைக் கணினிக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

ரகு, பட்டர்வொர்த்:

அண்ணன் சொல்வது சரிதான். சொல் எதுவானாலும் ஒரு விதியை மனத்தில் வைத்தால் போதும். ஆல்பா சுருக்கும், பீட்டா தளர்த்தும், எம் என்று வந்தால் சுருக்கும். நான் மருந்து விற்பனைக்குப் போன காலத்தில் இதை வைத்தே ஓட்டினேன். ரத்தக் குழாயில் ஆல்பா-1 சுருக்கும், மூச்சுக்குழாயில் பீட்டா-2 தளர்த்தும். சல்பியூட்டமால் இழுத்தால் மூச்சு விடுவது அதனால்தான்.

சுமதி, பினாங்கு:

ரகு, உங்கள் விதி மென்தசைகளில் பெரும்பாலும் ஓடும். இதயத்துக்கு வந்தால் நின்றுவிடும். அங்கே பீட்டா-1 தளர்த்துவதில்லை, துடிப்பை வேகமாக்கி வலுவாக அடிக்க வைக்கிறது. ரத்தக் குழாயின் உள்படலத்தில் இருக்கும் எம்3-ஐ அசிட்டைல்கோலின் எழுப்பினால் அந்தப் படலம் நைட்ரிக் ஆக்சைடை விடும், குழாய் சுருங்காமல் விரியும். உள்படலத்தைச் சுரண்டிவிட்டால் அதே அசிட்டைல்கோலினுக்குக் குழாய் சுருங்குகிறது என்று ஃபர்ச்காட்டும் சவாட்ஸ்கியும் 1980-இல் காட்டினார்கள். ஆகவே 'என்ன ஆகும்' என்ற கட்டத்தை எழுத்தை வைத்து ஊகித்து நிரப்பக் கூடாது. இடத்துக்கு இடம் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

தனபாலன் ஐயா, உங்கள் சொல் உறுப்புக்குப் பெயர் வைக்கிறது. காயத்ரி கேட்பது ஏற்பிக்கு. இரண்டும் வேறு என்பதைக் கண்ணில் பார்த்தால் தெளிவாகும், நிஜமாகவே கண்ணில்.

கண் மருத்துவர் விழித்திரையைப் பார்க்கும் முன் பாப்பாவை விரிக்கச் சொட்டு விடுகிறார். பாப்பாவைச் சுற்றி இரண்டு தசைகள். ஒன்று வளையம் போல இருந்து சுருக்கும், அதில் எம்3. இன்னொன்று சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி வெளிப்பக்கம் இழுத்து விரிக்கும், அதில் ஆல்பா-1. டிராபிகமைடு எம்3-ஐ அடைக்கிறது, வளையம் சோர்ந்து பாப்பா விரிகிறது. ஃபினைலெஃப்ரின் ஆல்பா-1-ஐ எழுப்புகிறது, ஆரத்தசை இழுத்துப் பாப்பா விரிகிறது. விளைவு ஒன்றே. ஒன்று அடைப்பது, மற்றது எழுப்புவது. ஐயாவின் முறைப்படி இரண்டையும் 'பாப்பா ஊக்கி' என்று ஒரே கட்டத்தில் போட வேண்டி வரும். அப்போது அட்டவணை எதற்கு?

இரண்டுக்கும் வேறுபாடு வேறிடத்தில் தெரிகிறது. கிட்டத்தில் பார்க்க லென்ஸைச் சரிசெய்யும் தசையிலும் எம்3 இருக்கிறது. அதனால் டிராபிகமைடு விட்டவருக்குச் சில மணி நேரம் கைப்பேசி எழுத்து மங்கும். ஃபினைலெஃப்ரின் மட்டும் விட்டவருக்கு வாசிக்க வரும். ஆனால் அவர் கண்ணில் பளிச்சென்று விளக்கடித்தால் வளையத் தசை தன் வேலையைச் செய்து பாப்பாவைக் கொஞ்சம் சுருக்கிவிடும், ஏனென்றால் அதன் எம்3-ஐ யாரும் தொடவில்லை. பரிசோதனைக்கு இரண்டையும் சேர்த்து விடுவது இதற்காகத்தான்.

முத்துவேல், சுங்கை பூலோ:

நான் படித்தவன் இல்லை, கண்ணைப் பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். கண் அழுத்தத்துக்கு எனக்கு டிமோலால் சொட்டு. சின்ன வயதில் இருந்த ஆஸ்துமா எப்போதோ போய்விட்டது. சொட்டு ஆரம்பித்த பிறகு ராத்திரியில் நெஞ்சில் விசில் சத்தம். கடையில் கேட்டதற்கு, கண்ணுக்கு விடுவது நெஞ்சுக்கு எப்படிப் போகும் என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். இது உங்கள் அட்டவணையில் வருமா?

சுமதி, பினாங்கு:

வரும் அண்ணே, நல்லாவே வரும். முதலில் உங்களுக்கு: இதைக் கண் மருத்துவரிடம் நாளைக்கே சொல்லுங்கள், சின்ன வயது ஆஸ்துமாவையும் சேர்த்துச் சொல்லுங்கள். அழுத்தத்தைக் குறைக்க வேறு வகைச் சொட்டுகள் இருக்கின்றன. அவரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்திவிட்டு அழுத்தத்தை ஏறவிடாதீர்கள். மூச்சு முட்டினால் மட்டும் காத்திருக்க வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

கண்ணுக்குள் நீரைச் சுரக்கும் திசுவில் பீட்டா ஏற்பி உண்டு. அதை அடைத்தால் நீர் குறையும், அழுத்தம் இறங்கும். ஆனால் கண்ணில் விட்ட சொட்டு முழுவதும் கண்ணிலேயே நிற்பதில்லை. பெரும்பகுதி மூக்கோரத்து நாளம் வழியாக மூக்குக்கு இறங்கி, அங்குள்ள சவ்வின் வழியே ரத்தத்தில் சேர்கிறது. மாத்திரையாக விழுங்கினால் கல்லீரல் ஒரு பங்கை அழித்துவிடும். இந்த வழியில் கல்லீரலை முதலில் சந்திக்காமலே போகிறது. டிமோலாலுக்கு பீட்டா-1, பீட்டா-2 என்று பேதமும் கிடையாது. மூச்சுக்குழாயின் பீட்டா-2 அடைபட்டால், அதுவரை தளர்ந்திருந்த குழாய் இறுகும். விசில் சத்தம் அங்கிருந்துதான் வருகிறது என்று சந்தேகப்பட நிறைய இடம் இருக்கிறது. சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிப்பது எந்தக் கண் சொட்டுக்கும் நல்ல பழக்கம். உள்ளே போகும் அளவு குறையும். ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கு அதை நம்பி டிமோலாலைத் தொடர முடியாது.

காயத்ரி, இதைப் பார்த்தாயா? 'எங்கே' என்ற கட்டத்தில் கண் என்று மட்டும் எழுதினால் அண்ணனின் நெஞ்சு விடுபட்டுப்போகிறது. மருந்துக்கு உறுப்பு தெரியாது, ஏற்பிதான் தெரியும். பீட்டா-2 வரிசையில் கண், மூச்சுக்குழாய், கருப்பை, எலும்புத் தசை எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு மருந்தைப் பார்த்ததும் அதன் பக்கவிளைவு அதே வரிசையில் கண்ணில் படும்.

தனபாலன், ஜார்ஜ்டவுன்:

அம்மா சுமதி சொன்னதைக் கேட்ட பிறகு சொல்லை மாற்றிப் பார்க்கிறேன். வேதியியலில் வினையூக்கி என்று ஒன்று இருக்கிறதே, அது வினையை ஊக்குவது. அந்த வழியில் ஏற்பியை ஊக்குவது ஏற்பியூக்கி. எதை ஊக்குகிறது என்பது சொல்லுக்குள்ளேயே வந்துவிடும். 'எம்2 ஏற்பியூக்கி' என்று படிப்பவர் இதயம் வேகமாகும் என்று நினைக்க வழியில்லை. மற்றது ஏற்பியடைப்பி.

ரகு, பட்டர்வொர்த்:

ஏற்பியூக்கி சரி. ஏற்பியடைப்பி வாய்க்கு வரவில்லை அண்ணே. அதோடு, ரத்தக் குழாய் அடைப்பு என்று தினமும் கேட்கிறோம், கிளினிக்கில் ஒரு பாட்டியிடம் 'பீட்டா அடைப்பி தருகிறோம்' என்றால் எழுந்து ஓடிவிடுவார். தடுப்பி என்றே இருக்கட்டும்.

சுமதி, பினாங்கு:

தடுப்பியிலும் ஒரு தொல்லை. நியோஸ்டிக்மின் பெரும்பாலும் ஏற்பியைத் தொட்டு வேலை செய்வதில்லை. அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதியைத்தான் தடுக்கிறது. அசிட்டைல்கோலின் தேங்கி, எம் வகை, என் வகை ஏற்பிகள் எல்லாமே எழும்பும். வெறுமனே தடுப்பி என்று எழுதினால் மாணவர் அதை அட்ரோபீனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பார், இரண்டும் நேரெதிர். எனவே ஏற்பித்தடுப்பி, நொதித்தடுப்பி என்று முழுசாக எழுத வேண்டும். நியோஸ்டிக்மினுக்கு வரிசை கிடையாது, அட்டவணைக்கு வெளியே தனிக் குறிப்பு. பெரும்பாலும் நரம்பு முனையிலிருந்து நார்அட்ரினலினை வெளியே தள்ளி வேலை செய்யும் எஃபெட்ரின் வகையும் அந்தப் பக்கம்தான்.

காயத்ரி, செராஸ்:

நன்றி அக்கா, ஐயா. கண்ணுக்கான வரிசைகளை மாற்றிவிட்டேன். பார்த்துச் சொல்லுங்கள்.

எம்3: வளையத் தசை, லென்ஸ் தசை. எழுப்பினால் பாப்பா சுருங்கும், லென்ஸ் கிட்டத்தில் பார்க்கச் சரியாகும். ஏற்பியூக்கி பிலோகார்ப்பின். ஏற்பித்தடுப்பி டிராபிகமைடு, அட்ரோபீன்.

ஆல்பா-1: ஆரத்தசை. எழுப்பினால் பாப்பா விரியும். ஏற்பியூக்கி ஃபினைலெஃப்ரின்.

ஆல்பா-2: நீர் சுரக்கும் திசு. எழுப்பினால் சுரப்பு குறையும். ஏற்பியூக்கி பிரிமோனிடின்.

பீட்டா: அதே திசு. எழுப்பினால் சுரப்பு கூடும். ஏற்பித்தடுப்பி டிமோலால், பீட்டாக்சலால்.

ஆல்பா-2 வரிசையில்தான் இந்தச் சொல்லின் அருமை தெரிந்தது. ஏற்பியூக்கி என்று எழுதி, பக்கத்திலேயே 'குறையும்' என்று எழுதும்போது இப்போது இடிக்கவில்லை. வேர்வைச் சுரப்பியும் குழப்பியது. நரம்பு பரிவு நரம்பு, ஏற்பியோ எம்3. நரம்பை வைத்துப் பிரித்திருந்தால் தப்பான பக்கத்தில் போயிருக்கும்.

பின்டோலாலை மட்டும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அது பீட்டா ஏற்பியில் உட்கார்ந்து கொஞ்சம் எழுப்பவும் செய்கிறது. ஓய்வில் இருப்பவருக்குத் துடிப்பை அவ்வளவாக இறக்காது. ஓடும்போது ஏற வேண்டிய துடிப்பை மட்டும் அமுக்குகிறது.

தனபாலன், ஜார்ஜ்டவுன்:

அரை ஏற்பியூக்கி.

சுமதி, பினாங்கு:

அரை என்றால் சரிபாதி என்று எடுத்துக்கொள்வார்கள் ஐயா, அந்த அளவு மருந்துக்கு மருந்து மாறும். பகுதி ஏற்பியூக்கி என்றால் எனக்குச் சம்மதம். கட்டம் எது என்பதில்தான் எனக்கே இரண்டு மனம். வேதியியல் கணக்கில் ஊக்கிக் கட்டம், மருத்துவர் எழுதித்தரும் காரணத்தைப் பார்த்தால் தடுப்பிக் கட்டம்.

ரகு, பட்டர்வொர்த்:

இரண்டு கட்டத்துக்கும் நடுவில் கோட்டின்மேல் எழுதிவிடு காயத்ரி. எங்கள் பழைய குறிப்பில் அப்படித்தான் இருந்தது, யாரும் கேட்கவில்லை.

முத்துவேல், சுங்கை பூலோ:

டாக்டரம்மா, சொன்னபடி போய்ச் சொன்னேன். சொட்டை மாற்றிவிட்டார்கள். புது பாட்டிலில் பிரிமோனிடின் என்று போட்டிருக்கிறது. வாய் கொஞ்சம் காய்கிறது, அதுவும் அட்டவணையில் இருக்கிறதா?