சோலாங் சாலையில் துணி உறையும் இரும்புச் சங்கிலியும்: எங்கள் அனுபவங்கள்

கோவை உறுப்பினர்:
ஜனவரியில் சண்டிகரில் வாடகைக்கு எடுத்த சிறிய காரில் மணாலிக்குச் சென்றோம். அங்கிருந்து மேலே போகும் வழியில் சோலாங்குக்குச் சற்று முன்பே பனி தொடங்கிவிட்டதால், சமதளமான ஓரத்தில் நிறுத்தி, கைபிரேக்கை இழுத்துவிட்டு, பனியில் வழுக்காமல் இருக்க டயர்மேல் போடும் துணி உறையை முன்சக்கரங்களுக்கு மாட்டினோம். டயரின் மேற்பாதியில் உறையைக் கவிழ்த்து, பின்புறம் கைக்கு எட்டியவரை இழுத்துவிட்டு, சக்கரம் அரைச்சுற்று உருளும் அளவுக்குக் காரை நகர்த்திய பிறகுதான், தரையில் அழுந்தியிருந்த பகுதி மேலே வந்தது; மிச்சத்தையும் மாட்ட முடிந்தது. ஏற்றத்தில் அருமையாகப் பிடித்தது. ஆனால் அடல் சுரங்கப்பாதையின் 9.02 கிலோமீட்டர் உலர்ந்த சாலையிலும் அதைக் கழற்றாமலே ஓட்டினேன். சிஸ்ஸு பக்கம் வெளியே வந்து பார்த்தபோது துணி நூல் நூலாகப் பிரிந்து, ஓரிடத்தில் டயரே தெரிந்தது. திரும்பும் வழிக்கு அது உதவவில்லை.

மதுரை உறுப்பினர்:
மலை ஏறும்போது பாரம் பின்னால் சாய்வதால், எந்தக் காராக இருந்தாலும் பின்சக்கரத்தில்தான் சங்கிலி மாட்ட வேண்டும் என்று நினைக்கிறேன்.

பெங்களூரு உறுப்பினர்:
பாரம் பின்னால் சாய்வது உண்மைதான், ஐயா. ஆனாலும் எஞ்சின் எந்தச் சக்கரத்தைச் சுழற்றுகிறதோ அதில்தான் மாட்ட வேண்டும். நம் சிறிய கார்களில் பெரும்பாலும் அது முன்சக்கரமே. ஆறு குளிர்காலங்களாக அந்தச் சாலையில் ஓட்டுகிறேன். டயரின் பக்கவாட்டில் 185/65 R15 என்பதுபோல் எழுதியிருக்கும் அளவுக்கே சங்கிலி வாங்குங்கள். வளையத்தை டயருக்குப் பின்னால் நுழைத்து, உட்பக்கக் கொக்கியை முதலில் பூட்டிய பிறகே வெளிப்பக்கத்தை இறுக்க வேண்டும். நூறு மீட்டர் ஓட்டியதும் இறங்கி மறுபடி இறுக்குவதை ஒருபோதும் விடாதீர்கள். ஒருமுறை நான் அதை விட்டதால், தளர்ந்த நுனி மட்கார்டின் உட்புறத்தில் ‘டக் டக்’ என்று அடிக்கத் தொடங்கியது. நிறுத்திப் பார்ப்பதற்குள் பிளாஸ்டிக் உறை கிழிந்திருந்தது. பொதுவாகச் சங்கிலிக்கும் துணி உறைக்கும் மணிக்கு 50 கிலோமீட்டரே உச்ச வரம்பு. பொதியில் அதற்கும் குறைவாக அச்சிட்டிருந்தால் அதுவே நமக்கு வரம்பு. வளைவுகளில் நான் 20-ஐத் தாண்டுவதில்லை. சுரங்கத்துக்குள் நிறுத்தக் கூடாது என்பதால், பனி முடிந்த இடத்திலேயே, வாயிலுக்கு முன்னதாகவே கழற்றிவிடுங்கள்.

ஈரோடு உறுப்பினர்:
டிசம்பரில் ஊட்டிக்குப் போகிறோம். அங்கே உறைபனி விழுகிறதாமே, நானும் ஒரு ஜோடி துணி உறை வாங்கிக்கொள்ளலாமா?

கோவை உறுப்பினர்:
வேண்டாம், அண்ணா. அது அதிகாலைப் புல்லில் படியும் மெல்லிய வெண்படலம். வெயில் ஏறியதும் கரைந்துவிடும். வெறும் தாரில் ஓட்டினால் துணி உறைதான் வீணாகும். பெங்களூரு ஐயாவிடம் எனக்கும் ஒரு கேள்வி உண்டு. முன்சக்கரத்தில் மட்டும் சங்கிலி இருக்கும்போது, இறக்கத்தில் பிரேக் பிடித்தால் வண்டியின் பின்பகுதி பக்கவாட்டில் வழுக்காதா?

பெங்களூரு உறுப்பினர்:
வழுக்கும், எனக்கும் நேர்ந்திருக்கிறது. முதல் கியரில் இறங்கி, பிரேக்கை மெல்லத் தொடுவதே என் வழக்கம். நான்கு சக்கரங்களுக்கும் மாட்டுவதே மேல் என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். என் காரில் பின்சக்கரத்துக்கும் உட்புறத் தகட்டுக்கும் இடையே விரல் நுழையக்கூட இடமில்லாததால், அதை நான் இன்னும் முயன்று பார்க்கவில்லை.