‘தண்ணீர்’ நாவலை வகுப்பில் பேசியபோது

முனிர்க்கா மாணவி:
எங்கள் தில்லிக் கல்லூரித் தமிழ் வகுப்பில் அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். கதைக்கு மூன்று நிமிடம் போதுமானதாக இருந்தது. தண்ணீர்ப் பஞ்சத்தில் தவிக்கும் சென்னையில், சினிமா வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்லித் தன்னைப் பயன்படுத்திக்கொள்ளும் பாஸ்கர்ராவை விட்டு விலக முடியாமல் ஜமுனா வாழ்கிறாள். மனம் கசந்த தங்கை சாயா விடுதிக்குப் போய்விட, ஜமுனா சாகவும் துணிகிறாள். மீதி நேரம் முழுவதையும், அதே தெருவில் இருக்கும் டீச்சரம்மா தன் வாழ்க்கையை ஜமுனாவிடம் சொல்லும் ஒரே காட்சிக்குக் கொடுத்தேன். தன்னைவிட மிக மூத்த கணவரோடும் மாமியாரோடும் நாள்களைத் தள்ளும் அவள், இரக்கம் காட்டுவதைவிடத் தன் துன்பத்தை ஜமுனாவின் துன்பத்துக்குப் பக்கத்தில் வைப்பதையே செய்கிறாள். அது எனக்குக் கடுமையாகப் பட்டது என்று சொன்னதும், “அப்படி ஒருத்தியை எழுப்புவது நியாயமா?” என்று ஒரு தோழி கேட்க, வகுப்பே இரண்டுபட்டது.

லட்சுமி நகர் வாசகர்:
நாவலின் கருப்பொருள் தண்ணீர்ப் பஞ்சம்தானே? தலைப்பே சொல்கிறது. டீச்சரம்மா காட்சிக்கு அவ்வளவு நேரம் தேவையா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
பஞ்சம் நாவல் முழுவதும் இருக்கிறது என்பது சரி. ஆனால் “கருப்பொருள் பஞ்சம்” என்றோ “பெண்ணியம்” என்றோ நிறுத்தும் மாணவரிடம் நான் “எந்தக் காட்சியில்?” என்று கேட்பேன், பதில் வராவிட்டால் அவர் பின்னட்டையைப் படித்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். கருப்பொருளை முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும்: ‘எல்லாருக்கும் பற்றாக்குறையான ஊரில், தன்னிடமும் ஒன்றுமில்லாத ஒருத்திதான் இன்னொருத்திக்குத் துணையாகிறாள்’ என்பதுபோல. இந்த வாக்கியத்தை அந்த ஒரு காட்சியிலேயே சோதித்துப் பார்க்கலாம். இன்னொன்று: ‘கணையாழி’ இதழ் 1965-இல் தில்லியில் தொடங்கியது என்பதையும் இந்நாவல் அதில் தொடராக வந்ததையும் நம் மாணவர்கள் ஆசையோடு விரிப்பார்கள். ஒரு வாக்கியம் போதும்.

சங்கம் விகார் குடும்பத்தலைவி:
எங்கள் தெருவுக்கு டேங்கர் வரும் நாளில் குடத்துக்குக் குடம் சண்டைதான். என் மகனும் இதே நாவலைத்தான் பேசப்போகிறான். அந்தச் சண்டையின் படங்களைத் திரையில் போட்டால் மதிப்பெண் கூடுமா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
படங்களால் கூடாது அம்மா. வரிசையில் நின்ற அவன் நாவலின் எந்த வரியை வேறுவிதமாகப் படித்தான் என்று சொன்னால், அது அவனுடைய சொந்த எதிர்வினை.

முனிர்க்கா மாணவி:
ஒரு சந்தேகம் ஐயா. பாஸ்கர்ராவுக்கு ஜமுனா தரும் இறுதி விடையை நான் சொல்லவில்லை. நண்பர்கள் பலர் இன்னும் படிக்கவில்லை. முடிவை மறைத்துவிட்டு ஜமுனாவின் மாற்றத்தைப் பற்றி எப்படி வாதிட முடியும் என்று பேராசிரியர் கேட்டார்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அவர் கேட்டது சரி. பத்திரிகை மதிப்புரையில் மறைக்கலாம். வகுப்பில் முடிவுதான் சான்று.

முனிர்க்கா மாணவி:
டீச்சரம்மா காட்சியே போதிய சான்று என்றுதான் எனக்கு இன்னும் தோன்றுகிறது.