5 வருடத்தில் 6 லட்சம் பள்ளிக் கட்டணம்: மாதம் எவ்வளவு போட வேண்டும்?

நெல்லிக்கனி: குழந்தையின் பள்ளிக் கட்டணத்துக்கு 5 வருடம் கழித்து 6 லட்சம் தேவை. வருடத்துக்கு 6% வட்டியில் மாதாமாதம் சேமிக்கப் போகிறேன். எக்செல்லில் `=PMT(0.06/12,60,600000)` போட்டால் 11,599.68 என்று மைனஸில் காட்டுகிறது. வட்டியே இல்லாமல் வகுத்தால்கூட 10,000தானே வரும்? எங்கே இடிக்கிறது?

வடக்குவாசல்: இதற்கு எதற்கு எக்செல்? வருடம் 6%, 5 வருடத்துக்கு 30%. 6 லட்சத்தை 1.3ஆல் வகுத்து, வருவதை 60ஆல் வகுங்கள். 7,700 போதும், வேலை முடிந்தது.

மழைக்காகிதம்: 11,600 சரியாகத்தான் இருக்கிறது. நான் அண்ணன் மகளுக்குக் கல்விக் கடன் வாங்கியபோது இதே வட்டிக்கு, இதே 5 வருடத்துக்கு, கிட்டத்தட்ட இந்தத் தவணைதான் சொன்னார்கள். வட்டி சேர்ந்தால் அசலைவிடக் கூடத்தானே செய்யும்.

பழையபேனா: மழைக்காகிதம், நீங்கள் சொன்னது கடன் தவணை, அவர் கேட்பது சேமிப்பு. ஆனால் விடை உங்கள் பதிவிலேயே இருக்கிறது. PMTயில் மூன்றாவது இடம் இன்றைக்குக் கையில் வாங்கும் தொகைக்கு, நான்காவது இடம் கடைசியில் சேர வேண்டிய தொகைக்கு. 6 லட்சத்தை மூன்றாவதில் போட்டதால் எக்செல் அதைக் கடன் என்று எடுத்துக்கொண்டது. இப்படிப் போடுங்கள்:

```
=PMT(0.06/12,60,0,-600000)
```

8,599.68 வரும். பழைய விடைக்கும் இதற்கும் வித்தியாசம் சரியாக 3,000, அதாவது 6 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி. சேமிக்கிறவர் 10,000க்குக் கீழே கட்டினால் போதும், மேலே போனாலே இடம் மாறிவிட்டது என்று அர்த்தம்.

வடக்குவாசல், முழு 30% வட்டி கிடைக்க வேண்டுமென்றால் எல்லாப் பணமும் முதல் நாளே உள்ளே போயிருக்க வேண்டும். முதல் மாதம் போட்டது ஏறக்குறைய 5 வருடம் கிடக்கும், கடைசி மாதம் போட்டது கிடக்கவே கிடக்காது, சராசரியாகப் பார்த்தால் பாதிக் காலம். மனக்கணக்குதான் பிடிக்கும் என்றால் 15% என்று வைத்துக்கொண்டு 10,000ஐ 1.15ஆல் வகுங்கள், 8,700 வருகிறது, உண்மையான விடைக்குப் பக்கத்தில்தான். உங்கள் 7,700ஐப் போட்டுக்கொண்டே வந்தால் கட்டணம் கட்டும் நாளில் 60,000க்கு மேல் துண்டு விழும்.

வடக்குவாசல்: சரி, பாதிக் காலம் என்பது நியாயம்தான். அப்போ 8,600, முடிந்ததா?

குறிஞ்சி: எங்கே முடிந்தது? அந்த 6 லட்சம் இன்றைய கட்டணமா, 5 வருடம் கழித்து வரப்போகும் கட்டணமா என்று யாரும் கேட்கவில்லையே.

நெல்லிக்கனி: இன்றைய கட்டணம்தான். பள்ளியில் கேட்டு வந்தது.

குறிஞ்சி: அப்படியென்றால் இலக்கே தப்பு. கட்டணம் வருடம் 8% ஏறினால் 6 லட்சம் 5 வருடத்தில் சுமார் 8,81,600 ஆகும், மாதம் 12,636 போட வேண்டும். கட்டணம் முழு 5 வருடமும் ஏறுகிறது, உங்கள் பணமோ சராசரியாகப் பாதிக் காலம்தான் வளர்கிறது, அதனால்தான் வகுத்து வந்த 10,000ஐயும் தாண்டுகிறது.

வடக்குவாசல்: 8% என்று யார் சொன்னது? 5% ஏறினால் சுமார் 10,980தான். வீணாக இப்போதே கழுத்தை நெரித்துக்கொள்வானேன். முதல் வருடம் 8,600 போடட்டும், சம்பளம் கூடியதும் கூட்டிக்கொள்ளலாம்.

பழையபேனா: கூட்டலாம், அதற்கும் ஒரு விலை உண்டு. குறிஞ்சி சொன்ன 8% நிஜமானால், ஒரு வருடம் 8,600 போட்டபின் மீதி 48 மாதமும் மாதம் 13,800 தேவைப்படும். முதலிலேயே 12,636 போட்டிருந்தால் அதே தொகையோடு கடைசி வரை ஓட்டியிருக்கலாம்.

வடக்குவாசல்: அடுத்த வருடம் 13,800 எனக்குச் சுலபம், இந்த மாதம் 12,600 கஷ்டம். அதையும் கணக்கில் சேருங்கள் ஐயா.

குறிஞ்சி: சம்பளம் கூடாமல் போனால்?

மழைக்காகிதம்: அப்போது கல்விக் கடன்தான், வேறென்ன.

நெல்லிக்கனி: எத்தனை சதவீதம் என்பதுதான் இப்போது சிக்கல். மேல் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரிடம் கடந்த நாலைந்து வருடக் கட்டண ரசீதுகளைக் கேட்டிருக்கிறேன், அதைப் பார்த்துவிட்டு இலக்கை மாற்றுகிறேன். அதுவரை இந்த மாதத்துக்கு 11,000 போட்டுவிட்டேன்.