சொல் வேண்டும்: ‘டியூமர் மார்க்கர்’ என்பதற்குப் ‘புற்றுகாட்டி’ சரியா?

முருகேசன், ஆய்வகம், மதுரை அண்ணாநகர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ரத்தப் பரிசோதனைத் தாள்களின் பின்பக்கத்தில் தமிழில் நாலு வரி விளக்கம் அச்சிடப் போகிறோம். சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் எழுதி முடித்தாயிற்று. புராஸ்டேட் சுரப்பிக்காகப் பார்க்கும் பி.எஸ்.ஏ. தாளில்தான் வண்டி நிற்கிறது. எங்கள் மென்பொருள் அதை ‘டியூமர் மார்க்கர்’ என்ற தலைப்பின் கீழ் அச்சிடுகிறது. வரைவில் ‘புற்றுகாட்டி’ என்று போட்டிருக்கிறேன். தாளை வாங்கியதும் தலைப்பைத்தான் எல்லோரும் முதலில் படிக்கிறார்கள், எண்ணை அப்புறம்தான் பார்க்கிறார்கள். அதனால் சொல் சரியாக அமைய வேண்டும்.

இன்னொன்று. ‘ஃப்ரீ பி.எஸ்.ஏ.’ என்ற வரியை அச்சகத்தில் ‘இலவச பி.எஸ்.ஏ. 24%’ என்று மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். 24 சதவீதம் தள்ளுபடி என்று கவுன்ட்டரில் கேட்பார்கள். அதற்கும் சொல் தேடித் தாருங்கள்.

இளங்கோ, திருமங்கலம்

புற்றுகாட்டி நன்றாகவே இருக்கிறது. திசைகாட்டி, நேரங்காட்டி வரிசையில் யாருக்கும் சட்டென்று புரியும். பி.எஸ்.ஏ. 4-க்கு மேலே போனால் புற்று இருக்கலாம், கீழே இருந்தால் இல்லை. மேலே உள்ளதை வேண்டுமானால் சந்தேகம் என்று சொல்லிக்கொள்ளுங்கள். கீழே உள்ளதையாவது தைரியமாக ‘இல்லை’ என்று காட்டுகிறதே!

டாக்டர் மீனாட்சி, உயிர்வேதியியல், மதுரை

இளங்கோ, முதல் பாதி சரி, இரண்டாம் பாதிதான் இடறுகிறது. அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2004-இல் வந்தது. பி.எஸ்.ஏ. ஏழு ஆண்டுகளாக 4-ஐத் தாண்டாத 2950 ஆண்களுக்கு, சந்தேகம் எதுவும் இல்லாமலே, ஆய்வின் பொருட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். 449 பேருக்குப் புற்று இருந்தது, அதாவது நூற்றுக்குப் பதினைந்து பேர். அதில் பெரும்பாலானவை சாதுவான வகைதான். ஆனாலும் 4 என்பது மதில் சுவர் இல்லை. மேல்பக்கமும் அப்படித்தான். 4-க்கும் 10-க்கும் இடையில் எண் வந்தவர்களுக்குச் சதை எடுத்தால், ஏறத்தாழ நாலில் ஒருவருக்குத்தான் புற்று கிடைக்கிறது.

திசைகாட்டி பொய் சொல்லாது என்று நம்பித்தான் கப்பலைத் திருப்புகிறோம். அந்தக் ‘காட்டி’யை இதில் ஒட்டினால் நாலில் மூன்று பேருக்கு நாமே பொய் சொன்னதாகிவிடும்.

ராஜாத்தி, உசிலம்பட்டி

எனக்கு ஒரு சந்தேகம். மாமனாருக்குப் போன வாரம் இந்தத் தாள்தான் வந்தது. 11.4 என்று இருந்தது. ரத்தத்தில் புற்று என்றால் ரத்தப் புற்றுதானே? வீட்டில் எல்லோரும் அப்படித்தான் நினைத்து அழுதுகொண்டிருக்கிறோம். சொல் எதுவாக இருந்தாலும் இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அதில் எழுதுங்கள்.

டாக்டர் மீனாட்சி

ராஜாத்தி, இது ரத்தப் புற்றுக்கான பரிசோதனையே இல்லை. சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியைப் பற்றியது. ரத்தத்தில் அளப்பதால் ரத்தத்தின் நோய் ஆகிவிடாது. அழுவதற்கு முன் ஒன்று சொல்லுங்கள்: ரத்தம் கொடுத்த நாட்களில் அவருக்குச் சிறுநீர்க் கடுப்போ காய்ச்சலோ இருந்ததா? சிறுநீர் அடைத்து டியூப் போட்டார்களா?

முருகேசன், நீங்களும் கவனியுங்கள். தலைப்பில் ‘புற்று’, அடுத்த வரியில் ‘ரத்தம்’ என்று இருந்தால் எல்லோரும் இப்படித்தான் சேர்த்துப் படிப்பார்கள்.

சோமசுந்தரம், தமிழாசிரியர் (ஓய்வு), மேலூர்

நான் மூன்று சொற்கள் யோசித்தேன், மூன்றையும் நானே அடித்துவிட்டேன்.

‘புற்றுக்குறி.’ சுருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் புராஸ்டேட் தாளில் ‘குறி’ என்று அச்சிட்டால் படிப்பவர் எண்ணம் வேறு இடத்துக்குப் போய்விடும்.

‘புற்றுத்துப்பு.’ துப்புத் துலக்குவது என்ற பொருளில் அழகான சொல். ஆனால் மருத்துவமனையில் ‘துப்பு’ என்றால் டப்பாவைத் தேடுவார்கள்.

‘புற்றையச் சுட்டி’, அதாவது புற்று, ஐயம், சுட்டி மூன்றும் சேர்ந்தது. பொருளில் குறையில்லை. குற்றியலுகரம் கெட்டுப் புணர்ந்ததும் கண்ணுக்குப் ‘புற்றை’ என்றுதான் படுகிறது, ஐயம் காணாமல் போய்விடுகிறது. அந்த ஐயத்துக்காகத்தானே சொல்லே செய்தோம்!

டாக்டரம்மா, ஒரு கேள்வி. இந்தப் பொருளை உண்டாக்குவது புற்றா, சுரப்பியா? அது தெரிந்தால்தான் பெயர் எதன்மேல் நிற்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

டாக்டர் மீனாட்சி

சரியான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள் ஐயா. உண்டாக்குவது சுரப்பி. விந்து கெட்டியாக வெளிவந்து சற்று நேரத்தில் நீர்த்துப்போகிறதே, அதைச் செய்யும் நொதிதான் பி.எஸ்.ஏ. நோயில்லாத ஆணுக்கும் அது விந்தில் ஏராளமாக இருக்கும். ரத்தத்துக்கு அது வர வேண்டியதே இல்லை. பெயரின் நடுவில் இருக்கும் ‘எஸ்’ என்பது ‘ஸ்பெசிஃபிக்’, அதற்குப் பொருள் ‘தனக்கே உரிய’ என்பது. எதற்கு உரியது? சுரப்பிக்கு உரியது, புற்றுக்கு அல்ல. குழப்பம் முழுவதும் இந்த ஓர் எழுத்தில்தான் இருக்கிறது.

நம் பக்கத்துக் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் போக மடை இருக்கிறது. கரைக்கு வெளியே ஈரம் கசிந்தால் கரையில் ஏதோ கோளாறு என்று தெரியும். எலி வளையா, மாடு மிதித்ததா, கரையே உள்ளுக்குள் அரித்துவிட்டதா என்பதை ஈரம் சொல்லாது, மண்ணைத் தோண்டித்தான் பார்க்க வேண்டும். சுரப்பி வீங்கினாலும், சீழ் பிடித்தாலும், டியூப் உரசினாலும், புற்று அரித்தாலும் வெளியே வருவது அதே ஈரம்தான். கண்மாய் பெரிதாக இருந்தால் கசிவும் கொஞ்சம் கூடும். வயதானவருக்குச் சுரப்பி பெருத்து எண் ஏறுவது அப்படித்தான்.

இளங்கோ

அப்படியென்றால் ‘கசிவுப் புரதம்’ என்றே வைத்துவிடலாமே!

டாக்டர் மீனாட்சி

பி.எஸ்.ஏ.வுக்குப் பொருந்தும். ஆனால் தலைப்பு எல்லாவற்றுக்கும் பொது, அதன் கீழ் சூலகப் புற்றுக்காகப் பார்க்கும் சி.ஏ. 125-உம் வரும். அது கசிவு இல்லை. வயிற்றின் உள்உறையை எது உறுத்தினாலும் அந்த உறையே அதைச் சுரக்கிறது. மாதவிலக்கு நாட்களில் ஏறும், வயிற்றுக் காசநோயில் நன்றாகவே ஏறும். ஆகவே கசிவை உவமையோடு விட்டுவிடுவோம்.

ராஜாத்தி

டாக்டர், நீங்கள் கேட்டது சரிதான். நீர் அடைத்து, டியூப் போட்டு, எடுத்த நாலாம் நாள் ரத்தம் கொடுத்தார். சிறுநீரில் சீழ் என்று அந்தத் தாளிலேயே இருக்கிறது.

டாக்டர் மீனாட்சி

அப்படியானால் அந்த 11.4-ஐ வைத்து யாரும் எதையும் சொல்ல முடியாது. புற்று என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அதற்காகத் தாளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். சீழுக்கு மருந்து முடியட்டும். ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து அதே ஆய்வகத்தில் திரும்பப் பாருங்கள். கருவியும் கிட்டும் மாறினால் அதே ரத்தத்துக்கே எண் மாறும். கொடுப்பதற்கு முந்தைய இரண்டு நாள் விந்து வெளியேறியிருக்கக் கூடாது. பெரியவரிடம் வீட்டு ஆண்கள் யாராவது சொல்லட்டும். இதற்கிடையில் சிறுநீரக மருத்துவர் ஆசனவாய் வழியே விரலால் சுரப்பியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கல் போலக் கெட்டியாகவோ முடிச்சாகவோ பட்டால் எட்டு வாரக் கணக்கெல்லாம் செல்லாது, எண் எதுவானாலும் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும்.

முருகேசன், உங்கள் தாளுக்காக மேற்கொண்டு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இது அவருடைய கணக்கு இல்லை, ஒரு மாதிரி. எட்டு வாரம் கழித்து 5.2 வந்தது, ஸ்கேனில் சுரப்பி 58 மில்லி என்று வைத்துக்கொள்வோம். 5.2-ஐ 58-ஆல் வகுத்தால் 0.09. அந்தப் பெரிய சுரப்பிக்கு இவ்வளவு கசிவு எதிர்பார்க்கக்கூடியதே. அதே 5.2, சுரப்பி 25 மில்லி என்றால் 0.21. சிறிய கண்மாய்க்கு அது அதிக ஈரம். பொதுவாக 0.15-ஐத் தாண்டினால் சந்தேகம் கூடுகிறது, எம்.ஆர்.ஐ. எடுத்து, தேவைப்பட்டால் ஊசியால் சதை எடுத்துப் பார்க்கிறார்கள். எண் ஒன்றுதான், முடிவு இரண்டு.

முருகேசன்

டாக்டர், எங்கள் பக்கம் நடக்கும் ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். புராஸ்டேட் வீக்கத்துக்கு, நீர் இறங்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று ரத்தம் எடுக்கும்போது யாரும் கேட்பதில்லை. அந்த மாத்திரைகளில் ஒன்றான ஃபினாஸ்டிரைடு ஓராண்டு சாப்பிட்டவருக்குப் பி.எஸ்.ஏ. ஏறத்தாழப் பாதியாகிவிடும். 3.1 என்று அச்சாகும், தடித்த எழுத்து விழாது, வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள். அதை 6.2 என்று படிக்க வேண்டும். பின்பக்கத்தில் ஒரு வரி இதற்கே ஒதுக்குகிறேன்.

சோமசுந்தரம்

அப்படியென்றால் தம்பி, ‘கட்டிக் குறிப்பான்’ என்று வையுங்கள். குறிப்பு என்றால் குறிப்பாகச் சொல்வது, வெளிப்படையாகச் சொல்வது அல்ல. இலக்கணத்தில் குறிப்புப் பொருளை இடம் பார்த்துத்தானே கொள்கிறோம். ‘கட்டி’ எல்லாம் புற்று அல்ல என்பதும் ஊருக்குத் தெரியும்.

இளங்கோ

ஐயா, எங்கள் ஊரில் கட்டி என்றால் வேனல்கட்டிதான். பி.எஸ்.ஏ. பார்த்தால் கொப்புளம் தெரியுமா என்பார்கள். எனக்கு இன்னும் ‘புற்றுகாட்டி’தான். ஆனால் 100, 200 என்று வந்தால்கூடக் குறிப்பு மட்டும்தானா டாக்டர்?

டாக்டர் மீனாட்சி

நியாயமான கேள்வி. எண் நூற்றுக்கு மேல், எலும்பு ஸ்கேனிலும் பல இடத்தில் பரவல் தெரிகிறது, ஆளோ மிகவும் தளர்ந்திருக்கிறார் என்றால் சதை எடுக்காமலே சிகிச்சை தொடங்குவது உண்டு. அங்கேயும் எண்ணோடு ஸ்கேன் சேர்ந்துதான் பேசுகிறது. இன்னோர் இடத்தில் இந்த எண்ணுக்கு வாக்குச் சுத்தம் உண்டு. புற்றுக்காகச் சுரப்பியையே அறுத்து எடுத்துவிட்டவருக்கு அது அளக்க முடியாத அளவுக்கு இறங்க வேண்டும். பிறகு 0.2-ஐத் தொட்டு, மறுமுறையும் அப்படியே வந்தால் நோய் திரும்புகிறது என்று எடுத்துக்கொள்கிறோம். கண்மாயே இல்லாத இடத்தில் ஈரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விதான். அவருக்கு மட்டும் உங்கள் ‘காட்டி’ பொருந்தும்.

முருகேசன்

தலைப்பில் ‘கட்டிக் குறிப்பான்’ என்று போடுகிறேன். இளங்கோவின் மறுப்பைக் குறித்துக்கொண்டேன். பின்பக்க வரைவு:

“பி.எஸ்.ஏ. புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வருவது. சுரப்பி வீக்கம், சீழ், டியூப், புற்று எதனாலும் கூடும். இந்த எண்ணை மட்டும் வைத்துப் புற்று உண்டு, இல்லை என்று முடிவு செய்ய இயலாது. சதைப் பரிசோதனையே உறுதி செய்யும். புராஸ்டேட் வீக்கத்துக்கு, நீர் இறங்க மாத்திரை சாப்பிடுபவர் மருத்துவரிடம் அதன் பெயரைச் சொல்லவும்.”

‘இலவச’த்தை எடுத்துவிட்டேன். இடத்தில் ‘தனித்த பி.எஸ்.ஏ.’ போடலாமா?

டாக்டர் மீனாட்சி

ரத்தத்தில் பெரும்பகுதி வேறு புரதத்தோடு ஒட்டிக்கொண்டு திரியும், ஒட்டாத மிச்சம்தான் இது. புற்றில் அந்த மிச்சத்தின் பங்கு குறையும். 10 சதவீதத்துக்குக் கீழே போனால் சந்தேகம் கூடும், 25-க்கு மேலே இருந்தால் தணியும். ‘தனித்த’ என்றால் தனியாக எடுத்த பரிசோதனை என்று நினைத்துவிடுவார்கள். ‘ஒட்டாத பி.எஸ்.ஏ.’?

சோமசுந்தரம்

‘ஒட்டாத’ என்பது எதிர்மறை, தலைப்புக்கு நிற்காது. ‘பிணையாப் பி.எஸ்.ஏ.’ பார்க்கலாம். ஜாமீன் நினைவு வருமோ என்றுதான் யோசிக்கிறேன்.