‘துளைத்தல்’ வேண்டாம், ‘இறங்கிப் பார்’ போதுமா?

அன்பின் குழுவினருக்கு,

தேயிலைக் கொழுந்து நிறையைக் காட்டும் பவர் பிஐ அறிக்கைக்குத் தமிழ் வழிகாட்டி எழுதுகிறோம். மொத்தத்திலிருந்து அதன் உட்பிரிவுகளுக்குச் செல்லும் ட்ரில் டவுனுக்குப் பலர் ‘துளைத்தல்’ என்கிறார்கள். ஆனால், தோட்டம், டிவிஷன், மலை என்ற அடுக்கில் நாம் எதையும் துளைப்பதில்லை. மேலிருந்து கீழே வருகிறோம். ஆகவே ‘இறங்கிப் பார்’, திரும்புவதற்கு ‘ஏறிப் பார்’ என முன்மொழிகிறேன்.
– மொழிபெயர்ப்பாளர், ஹட்டன்

சொல் நன்று, ஆனால் இறங்கும் பொத்தான்கள் மூன்று. ஒற்றை அம்புக்குறியை இயக்கி மேல் டிவிஷனின் பட்டையைச் சொடுக்கினால் அதன் மலைகள் மட்டுமே வரும். இரட்டை அம்புக்குறியோ டிவிஷனை மறந்துவிட்டு எல்லா மலைகளையும் பெயரால் சேர்த்துவிடும். மேல் டிவிஷனின் 5ஆம் நம்பர் மலையில் 800 கிலோவும், கீழ் டிவிஷனின் 5ஆம் நம்பர் மலையில் 600 கிலோவும் இருந்தால், 1,400 கிலோ என்று ஒரே பட்டை தோன்றும். அப்படி ஒரு மலை எங்குமே இல்லை. கிளைபிரியும் அம்புக்குறிதான் டிவிஷனையும் மலையையும் சேர்த்துக் காட்டி அந்த இரு 5ஆம் நம்பர் மலைகளையும் பிரித்து வைக்கும். எனவே முறையே ‘இறங்கிப் பார்’, ‘அடுத்த நிலைக்கு மாறு’, ‘எல்லாவற்றையும் விரி’ எனலாம்.
– அறிக்கை வடிவமைப்பாளர், கண்டி

வடிகட்டியில் மேல் டிவிஷனைத் தெரிந்தாலும் அதன் நிறை மட்டும் வருமே? இத்தனை சொற்கள் எதற்கு?
– ஆசிரியர், பண்டாரவளை

ஐயா, நிறை சரியாக வரும், ஆனால் நிலை மாறாது. வடிகட்டினால் மேல் டிவிஷன் என்ற ஒரே பட்டைதான் நிற்கும். அதன் கீழுள்ள மலைகளைப் பார்க்க மீண்டும் இறங்கவே வேண்டும்.
– அறிக்கை வடிவமைப்பாளர்

என் பிரச்சினையும் இதுதான் என்று நினைக்கிறேன். ‘கடந்த மாதம்’ என்று போட்டால் கொழுந்து நிறை தோட்டத்தின் செக்ரோல் பதிவேட்டுடன் பொருந்துவதில்லை. எவ்வளவு இறங்கிப் பார்த்தும் சரிவரவில்லை.
– தோட்ட அலுவலக எழுதுநர், தலவாக்கலை

தம்பி, அது திகதி வரம்பின் சிக்கல், இறங்குவதால் தீராது. ஜூலை 20ஆந் திகதி ‘கடைசி 1 மாதம்’ என்று தெரிந்து, இன்றைய நாளையும் சேர்த்தால், ஜூன் 21 முதல் ஜூலை 20 வரை வரும். நாட்காட்டி மாதம் என்ற தெரிவோ ஜூன் 1 முதல் 30 வரை தரும். செக்ரோல் மாதக் கணக்கென்பதால் உங்களுக்கு வேண்டியது அதுவே. இரண்டையும் ‘கடந்த மாதம்’ என்று எழுதினால் இந்தக் குழப்பம் தீராது. முதலாவதற்கு ‘இன்றுவரை ஒரு மாதம்’, மற்றதற்கு ‘முடிந்த மாதம்’ எனலாமா?
– அறிக்கை வடிவமைப்பாளர்

‘முடிந்த மாதம்’ எனக்குச் சம்மதம். ஆனால் அந்தத் திகதிக் கட்டுப்பாட்டில் இன்றைய நாளைச் சேர்க்காமல் விடும் தெரிவும் இருக்கிறதே; அப்போது ‘இன்றுவரை’ பொய்யாகிவிடும். ‘நேற்றுவரை’ என்று இன்னொரு பெயர் வைப்பதா, பொதுவாக ‘ஓடும் ஒரு மாதம்’ என்பதா என்று எழுதுங்கள். மூன்று பொத்தான்களின் பெயர்களை அப்படியே வழிகாட்டியில் சேர்த்துவிட்டேன்.
– மொழிபெயர்ப்பாளர்