குதிக்கிற பையன் லிஃப்ட்ல ஏறி இறங்குற மாதிரி இருக்கான். ஸ்குவாஷ், ஸ்ட்ரெச் போட்டும் கனம் வரல

வாய்க்கால்வரப்பு:
வணக்கம். Blender-ல ஒரு சின்னப் பையன் நின்ன இடத்துலயே எம்பிக் குதிக்கிற ஷாட். உயரம் 120 செ.மீ., தோள்ல ஒரு துண்டு. பாதம் தரையிலிருந்து 45 செ.மீ. எழும்புது. 24 பிரேம் வேகம்.

நான் போட்ட கீ இவ்வளவுதான்: 1-ல நிக்கறான், 10-ல குந்தறான், 24-ல உச்சி, 38-ல தரை (இங்கேயே ஸ்குவாஷ் 0.7), 46-ல மறுபடி நிக்கறான். குந்தும்போது 0.7, மேல போகும்போது 1.3, உச்சியிலயும் 1.3.

ஆன்டிசிபேஷன் இருக்கு, ஸ்குவாஷ் இருக்கு, எல்லாம் இருக்கு. ஆனா பார்த்தா யாரோ கயிறு கட்டித் தூக்கி மெதுவா இறக்கி வைக்கிற மாதிரி இருக்கு. இறங்கும்போது ரப்பர் பொம்மை. துண்டு அட்டை மாதிரி விறைப்பா ஒட்டிக்கிட்டே வருது. எங்க தப்பு?

சுழல்காற்று:
ப்ரோ, உங்க கம்ப்யூட்டர் தான் திணறுதுனு நினைக்கிறேன். டைம்லைன்ல Playback-க்குள்ள போய் Frame Dropping வச்சுப் பாருங்க. எனக்கும் இப்படித்தான் எல்லாம் மெதுவா மிதந்துச்சு, அப்புறம் பார்த்தா பிளேபேக்கே 14 பிரேம்ல ஓடிட்டிருந்தது.

வாய்க்கால்வரப்பு:
ரெண்டர் பண்ணி வீடியோவாத்தான் பார்த்தேன். அதுலயும் மிதக்குது.

மஞ்சள்பை:
Graph Editor-ல எல்லா கீயையும் செலக்ட் பண்ணி V அழுத்தி Vector போடுங்க. Auto Clamped இருக்கிற வரைக்கும் மென்மையாத்தான் இறங்குவான். தரையில மோதுறது சுருக்குனு இருக்கணும். கூடவே குந்தறதை இன்னும் ஆழமா, இன்னும் அதிக நேரம் வைங்க.

பழைய பென்சில்:
மஞ்சள்பை சொல்ற திசை சரி, மருந்து தப்பு. எல்லாத்துக்கும் Vector போட்டா உச்சி கூரை முகடு மாதிரி முக்கோணமா ஆயிடும், பையன் பந்து மாதிரி கூட இல்ல, மரங்கொத்தி மாதிரி ஆடுவான்.

தம்பி, முதல்ல கணக்கு. 45 செ.மீ. உயரத்திலிருந்து ஒரு பொருள் விழ சுமார் 0.3 வினாடி ஆகும். 24 பிரேம்ல அது 7 பிரேம் சொச்சம், 8-னு வச்சுக்கலாம். ஏறவும் அதே 8. நீங்க இறங்க மட்டும் 14 குடுத்திருக்கீங்க. 14 பிரேம்ல விழணும்னா 1.6 மீட்டருக்கு மேல குதிச்சிருக்கணும். கண்ணுக்கு அந்தக் கணக்கு தெரியாது, ஆனா நிலால குதிக்கிறான்னு மட்டும் தெரியும்.

உச்சியில கொஞ்சம் தொங்கணும்னு நேரத்தை நீட்டியிருப்பீங்க. தேவையில்ல. 8 பிரேம்ல விழறப்போ முதல் 4 பிரேம்ல 11 செ.மீ. தான் இறங்குவான், மீதி 34-ஐ அடுத்த 4-ல. அதாவது காத்துல இருக்கிற நேரத்துல பாதி, உயரத்தோட மேல் கால்வாசியிலதான் போகுது. தொங்கல் தானா வருது. கடைசி ஒரு பிரேம்ல மட்டும் 10 செ.மீ. கீழ வர்றான். உங்க ஷாட்ல அந்தப் பிரேம்ல கிட்டத்தட்ட நிக்கறான். கயிறு கட்டின உணர்வு அங்கதான்.

ஏன் நிக்கறான்? 38-ல தரை தொடறதும் ஸ்குவாஷும் ஒரே கீ. அப்போ இடுப்புக்கு அதுதான் அடிமட்டப் புள்ளி. Auto Clamped அடிமட்டத்துல கோட்டைத் தட்டையாக்கும், அதனால பாதம் தரையைத் தொடறதுக்கு முன்னாடியே வேகம் செத்துடுது. ரெண்டையும் பிரிச்சாலே பாதி நோய் போயிடும். பாதம் தொடற பிரேம்ல உடம்பு நசுங்கவே கூடாது. கால் நீட்டி, விரல் நுனி படணும். இடுப்பு இன்னும் கீழ போய்க்கிட்டே இருக்கணும். நசுங்கறது மூணு பிரேம் கழிச்சு.

கிளம்பறதுலயும் அதே கதை. குந்தினவன் அப்படியே உச்சிக்குப் போறான். பாதம் தரையில இருக்கும்போதே கால் நீளணும், அந்தக் கீயே இல்ல.

நான் போட்டா இப்படிப் போடுவேன்:

```
1   நிற்பது
9   குந்தியாச்சு
12  இன்னும் 2 செ.மீ. கீழ
15  கால் நேர், விரல் தரையில், Y 1.15
23  உச்சி, Y 1.0
31  விரல் தொடுது, Y 1.1
34  அடிமட்டம், Y 0.85
42  இயல்பை விட 1 செ.மீ. மேல
48  நிற்பது
```

Y 1.15-னா X, Z ரெண்டும் 0.93. Y 0.85-னா 1.08. ரப்பர் உணர்வுக்கு ஒரு காரணம், நீங்க Y-யை மட்டும் மாத்தி உடம்போட பருமனையே கூட்டிக் குறைச்சது. இன்னொரு காரணம் உச்சியில 1.3. உச்சியில வேகமே இல்ல, இழுக்க என்ன இருக்கு?

கைப்பிடி: இடுப்போட கோடு 15-லயும் 31-லயும் உடையக் கூடாது, சரிவா நேரா ஊடுருவிப் போகணும். 15-ஓட வலது கைப்பிடியை 3 பிரேம் தள்ளி, 30 செ.மீ. மேல வைங்க. 31-ஓட இடது கைப்பிடி அதோட கண்ணாடி பிம்பம். சுருக்குனு மூலையா உடைய வேண்டியது பாதத்தோட கோடு. மஞ்சள்பை சொன்ன Vector அதுக்குத்தான்.

மஞ்சள்பை:
பாதத்துக்கு மட்டும்னு நான் யோசிக்கவே இல்ல. ஆனா குந்தறதை நீட்டச் சொன்னேனே, அது?

பழைய பென்சில்:
பையன் கனமா இருந்தா நீட்டலாம். இவன் வாண்டு. நேரத்தை விட முக்கியம் அந்த 9-லிருந்து 12. நகராம நின்னா படம் உறைஞ்ச மாதிரி தெரியும், அதான் 2 செ.மீ. விட்டேன்.

கரித்துண்டு அக்கா:
நான் பேப்பர்ல வரையறவ, ஒரு படம் ரெண்டு பிரேம் நிக்கும். அப்போ காத்துல எனக்கு மொத்தமே எட்டுப் படம். அதனால 1.15 எல்லாம் என் பென்சில் கோட்டுத் தடிமன்லயே காணாமப் போயிடும், 1.4 வரை இழுப்பேன். இவங்க குறைச்சுச் சொல்றது ரிக்குக்கு சரி, கையால வரையறவங்க இதை அப்படியே எடுத்துக்காதீங்க.

பழைய பென்சில்:
1.4 எனக்கு அதிகம்தான் அக்கா, முகம் கோணும். தலையை விட்டுட்டு வயித்தை மட்டும் இழுத்தா ஒத்துக்கறேன்.

கரித்துண்டு அக்கா:
தலையை விட்டா தலை மட்டும் வேற ஆளோடதா தெரியும்!

வாய்க்கால்வரப்பு:
மாத்திட்டேன். 31-லிருந்து 34 வர்றப்போ தொம்முனு சத்தமே கேக்குற மாதிரி இருக்கு. நன்றி அண்ணே. துண்டு மட்டும் இன்னும் பாக்கி. நாலு எலும்பு இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் கீயை 2 பிரேம் தள்ளினேன். ஏறும்போது கீழ இழுபடுது, நல்லா இருக்கு. இறங்கும்போது கழுத்துக்குள்ள புகுந்துடுது.

பழைய பென்சில்:
தள்ளினா மட்டும் போதாது. உச்சியில உடம்பு நின்னாலும் துண்டு நுனி இன்னும் மேல போய்க்கிட்டிருக்கும், 25, 26 வரைக்கும். விழும்போது துண்டு மேல நிக்கணும். 34-ல உடம்பு நின்னதுக்கப்புறம்தான் துண்டு வந்து மார்ல அடிக்கணும், 37, 38-ல. நுனி 46 வரைக்கும் ஆடட்டும். கழுத்துல புகறதுக்கு முதல் எலும்பைத் தள்ளாம தோளோட விட்டுட்டு, ரெண்டாவதுலிருந்து தள்ளிப் பாருங்க.

வாய்க்கால்வரப்பு:
முதல் எலும்பை விட்டதும் கழுத்து சரியாச்சு. ஆனா 29, 30-ல துண்டு எழும்பி மூஞ்சியை மறைக்குது.

கரித்துண்டு அக்கா:
மறைக்கட்டுமே. ரெண்டு பிரேம்தானே.

பழைய பென்சில்:
வேணாம், தரை தொடறதுக்கு முன்னாடி கண் கீழ பார்க்கறது தெரியணும். துண்டை முதுகுப் பக்கம் மாத்திப் போடுங்க தம்பி.