ஏற்காடு மலைப்பாதை மூடப்பட்டதாக வந்த பதிவுப் படம்: திருத்தப்பட்டதா, பழையதா?

மலைவிடுதி: வணக்கம். ஏற்காட்டில் சிறிய தங்கும் விடுதி ஒன்றை நடத்துகிறேன். இன்று, டிசம்பர் 2ஆம் தேதி, மதியம் சென்னையிலிருந்து வரவிருந்த குடும்பத்தார் ஒரு முகநூல் பதிவின் திரைப்பிடிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி, முன்பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள். மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் மண் சரிந்திருப்பதால் 3 நாட்களுக்குப் போக்குவரத்து இல்லை என்று உள்ளூர்ச் செய்திப் பக்கம் ஒன்று எழுதியதாக அதில் உள்ளது. ஆனால் சேலத்துப் பேருந்து சற்று முன்புதான் என் வாசலைக் கடந்து சென்றது. பாதை திறந்திருப்பது எனக்குத் தெரியும். படம் பொய் என்பதை அவர்களுக்கு எப்படிக் காட்டுவது? திரையின் மேல் ஓரத்தில் மணி 11:40. பக்கத்தின் பெயருக்குக் கீழே `2 December` என்று இருக்கிறது.

கணினிப்பிரியன்: இணையத்தில் இஎல்ஏ சோதனைத் தளங்கள் உள்ளன. படத்தை ஏற்றினால் திருத்திய இடம் பளிச்சென்று தெரியும். அது போதும்.

மலைவிடுதி: ஏற்றிப் பார்த்தேன். எல்லா எழுத்துகளுமே பளிச்சென்று தெரிகின்றன. அப்படியானால் முழுவதும் போலியா?

பழைய_துணையாசிரியர்: இல்லை ஐயா. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தின் விளிம்பு அந்தச் சோதனையில் எப்போதும் பளிச்சிடும். அதோடு, வாட்ஸ்அப் பொதுவாகப் படத்தைச் சுருக்கி மறுபடி சேமிப்பதால், பல கை மாறி வந்த படத்தில் பழைய திருத்தத்தின் தடம் பெரும்பாலும் கரைந்துவிடும். கணினி உலாவியிலேயே பதிவின் சொற்களை மாற்றிவிட்டுத் திரையைப் பிடித்திருந்தாலோ, கரைவதற்கே தடம் இருக்காது. ஆகவே படத்தில் குறை கண்டால் பொய் என்று சொல்லலாம். குறை காணாததால் மெய் என்று சொல்ல முடியாது.

உங்கள் படத்தில் நான் முதலில் பார்ப்பது தேதி வரியைத்தான். பதிவு இன்று காலை வந்து, படமும் இன்று 11:40க்கு எடுக்கப்பட்டிருந்தால், முகநூல் செயலி தேதியைக் காட்டாது; `1h`, `2h` என்று கழிந்த மணிநேரத்தைத்தான் காட்டும். தேதி தெரிகிறது என்றாலே பதிவு இன்றையது அன்று. முந்தைய ஆண்டுகளின் பதிவு என்றால் தேதியோடு ஆண்டும் வரும். அந்த வரியைப் பெரிதாக்கி, தேதிக்கும் அதன் வலப்புறமுள்ள புள்ளிக்கும் உருண்டைக் குறிக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று சொல்லுங்கள்.

சேலம்_அச்சகம்: செவ்வாய்ப்பேட்டையில் அச்சுக்கோப்பு வேலை செய்கிறேன். என் கண்ணுக்கு "3 நாட்களுக்கு" என்பதில் இருக்கும் 3 தமிழ் எழுத்தோடு ஒட்டவில்லை. எங்கள் கடையில் இலக்கத்தை மட்டும் மாற்றி ஒட்டினால் இப்படித்தான் துருத்தி நிற்கும்.

பழைய_துணையாசிரியர்: துருத்துவது உண்மைதான், ஆனால் அது சான்றாகாது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் தமிழ் ஓர் எழுத்துருவிலிருந்தும் இலக்கம் வேறோர் எழுத்துருவிலிருந்தும் வருவதால், மெய்யான பதிவிலும் இந்த ஒட்டாமை இருக்கும். அதே பத்தியில் உள்ள 20 என்ற எண்ணோடு, உயரத்தையும் கோட்டின் தடிமனையும் ஒப்பிடுங்கள். இதிலும் ஒரு சிக்கல் உண்டு: ஆண்ட்ராய்டின் வழக்கமான எழுத்துருவில் இலக்கங்கள் எல்லாம் ஒரே அகலம். 1ஐ 3 ஆக்கினால் வரி நகராது.

ஆத்தூர்_வாசகி: எனக்கும் இப்படித்தான் நடந்தது. பணம் அனுப்பியதாக ஒருவர் காட்டிய படத்தை நம்பிப் புடவையைக் கொடுத்துவிட்டேன். வங்கிக் கணக்கைப் பார்த்தபோது ஒன்றும் வரவில்லை. அது போகட்டும், நாளை குப்பனூர் வழியாக மேலே வரலாமா?

மலைவிடுதி: வரலாம் அம்மா, பனிமூட்டம் மட்டும் இருக்கிறது.

துணையாசிரியர் ஐயா, பார்த்தேன். `2 December` என்பதற்குப் பிறகு நான்கைந்து எழுத்து நிற்கும் அளவுக்கு வெற்றிடம் விட்டு, அதற்கப்புறம்தான் புள்ளியும் உருண்டையும் இருக்கின்றன. அந்தப் பக்கத்தின் மற்றப் பதிவுகளில் புள்ளி தேதியை ஒட்டியே நிற்கிறது. பிறகு பக்கத்தின் தேடலில் "கொண்டை ஊசி" என்று தட்டியதும், ஃபெஞ்சல் புயல் மழையின்போது போட்ட பதிவு கிடைத்தது. அதே ஒளிப்படம், அதே வாசகம். தேதி மட்டும் `2 December 2024`. ஆண்டைத்தான் யாரோ அழித்திருக்கிறார்கள். ஆனால் மூலப்பதிவில் "1 நாள்" என்று இருக்கிறது.

பழைய_துணையாசிரியர்: ஆண்டு அழிக்கப்பட்டது உறுதி. 3 நாட்கள் என்பதை மட்டும் அவசரப்பட்டுத் தீர்மானிக்க வேண்டாம். அந்தப் பக்கத்தாரே முதலில் 3 என்று எழுதிப் பிறகு திருத்தியிருக்கலாம். பதிவின் மூன்று புள்ளிப் பட்டியலில் `View edit history` இருக்கிறதா?

மலைவிடுதி: இல்லை.

பழைய_துணையாசிரியர்: அப்படியானால் அந்தப் பதிவில் திருத்தம் நடந்ததாகத் தெரியவில்லை. ஆனால் முதற்பதிவை நீக்கிவிட்டு வேறொன்றைப் போட்டிருந்தால் அதில் வரலாறு வராது. பக்கத்தாரைக் கேட்டால்தான் தெரியும்.

சேலம்_அச்சகம்: 20இல் உள்ள 2ஐயும் அந்த 3ஐயும் பெரிதாக்கிப் பார்த்தேன், தடிமன் ஒன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை.

மலைவிடுதி: மூலப்பதிவின் இணைப்பையும், இரண்டு தேதி வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்த படத்தையும் விருந்தினருக்கு அனுப்பினேன். வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டார்கள். 3 நாள் பற்றிப் பக்கத்தாருக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.